புளியரை செக்போஸ்ட்டும் பதினெட்டு எம்.பி.யும்

தென்காசியிலிருந்து புனலூர் போகிற லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தென்காசியில் எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்குப் போடமாட்டார்கள். புளியரை செக்போஸ்ட்டில் எவ்வளவு விடுவான், அதற்கு அந்தப் பக்கம் கேரளாக்காரன் எவ்வளவு விடுவான் என்றுதான் கணக்குப் போடுவார்கள். வழியில் எந்த இடத்தில் அளவு குறைவோ, அதுதான் லாரியின் அளவு.

மெயிலில் ஃபைல் இணைத்து அனுப்புவதும் இதே சமாச்சாரம்தான். நமக்கு மெயில் சேவை தருகிறவர் எவ்வளவு அனுமதிக்கிறார் என்பது பாதிக் கதை. வாங்குகிற ஆபீஸின் சர்வர் எவ்வளவு அனுமதிக்கும்? அது நமக்குத் தெரியாது. அவர்களும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

குற்றாலம் ரோட்டில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். 2024 டிசம்பர் இரண்டாவது வாரம் தென்காசிப் பக்கம் பேய்மழை கொட்டி, குற்றாலத்து அருவிகள் எல்லாம் வெறிபிடித்து விழுந்ததே, அப்போது அவருடைய குடோனுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எண்ணெய் டின், ஃப்ரீசர், மூட்டை மூட்டையாகச் சரக்கு எல்லாம் போச்சு. நல்லவேளையாக இன்ஷூரன்ஸ் இருந்தது. சேதத்தை போட்டோ எடுத்து, கம்பெனி சொன்ன முகவரிக்கு மெயில் அனுப்பினார். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து நினைவூட்டி இன்னொரு மெயில். அதற்கும் பதில் இல்லை.

"ரெண்டு தடவை அனுப்பியாச்சு தம்பி. வேணும்னே இழுக்கான் பாத்துக்கிடுங்க" என்றார் கோபமாக.

மெயிலைத் திறந்து பார்த்தேன். முதல் மெயிலில் ஆறு போட்டோ, ஒவ்வொன்றும் 3 எம்.பி. ஆக மொத்தம் 18. அது போன அடுத்த நிமிடமே Mail Delivery Subsystem என்ற பெயரில் ஒரு கடிதம் வந்து உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷில் நீளமாக ஏதோ இருக்கவே, விளம்பரம் என்று நினைத்து அண்ணாச்சி திறக்கவே இல்லை. உள்ளே இருந்த முக்கியமான வரி இதுதான்:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

அதாவது, 'சரக்கு கனமாக இருக்கிறது, திருப்பி அனுப்பிவிட்டேன்' என்று எதிர்ப்பக்கத்து சர்வர் சொல்கிறது. இந்த மாதிரி வரியில் முதல் எண்ணைப் பாருங்கள். 5-இல் ஆரம்பித்தால் கதவு மூடியாகிவிட்டது, அதே மெயிலை நூறு தடவை அனுப்பினாலும் போகாது. 4-இல் ஆரம்பித்தால் தற்காலிகச் சிக்கல், நம்முடைய சர்வர் தானாகவே கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்யும்.

அண்ணாச்சி கம்பெனிக்கு போன் போட்டார். "20 எம்.பி. வரைக்கும் விடுவோம் சார்" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"நான் 18 தானே அனுப்பிச்சேன், ஏன் விடல?" என்று என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் தெரிய 1980-களுக்குப் போகவேண்டும். மெயிலை ஊர்விட்டு ஊர் கடத்தும் எஸ்.எம்.டி.பி. முறையை 1982-இல் எழுதியபோது, அதில் போகப்போவது வெறும் இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் என்று வைத்துக்கொண்டார்கள். போட்டோ, பாட்டு எல்லாம் யோசனையிலேயே இல்லை. பத்து வருடம் கழித்து நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இரண்டு பேர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். போட்டோவையே எழுத்தாக மாற்றிவிட்டால்? 1992 மார்ச் 11-ஆம் தேதி போரன்ஸ்டைன் தன்னுடைய பாட்டுக் கோஷ்டியின் படத்தையும் பாட்டையும் அப்படி இணைத்து அனுப்பினார். இன்றைக்கு நாம் அமுக்குகிற பேப்பர் கிளிப் படத்துக்குத் தாத்தா அதுதான்.

அந்த மாற்றத்துக்கு பேஸ்64 என்று பெயர். மூன்று பைட்டை எடுத்து நான்கு எழுத்தாக எழுதும். அதாவது மூன்று கிலோ அல்வாவை பார்சல் கட்டினால் நான்கு கிலோ ஆகிவிடுகிறது. வரிக்கு வரி முடிவுக் குறிகள் வேறு கொஞ்சம் சேரும். அண்ணாச்சியின் 18 எம்.பி., வழியில் 24-க்கு மேல் எடை காட்டியிருக்கிறது. ஜிமெயிலின் எல்லை 25, அதனால் இந்தப் பக்கத்து செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் 20. மாட்டிக்கொண்டது. ஆபீஸ்காரர் சொல்கிற அளவில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டால் பயமில்லை. 20 என்றால் 14. பல ஆபீஸ்களில் 10 எம்.பி.தான் எல்லை, அங்கே 7. எவ்வளவு என்றே தெரியாத இடத்துக்கு, மொத்தமாக 5 எம்.பி.க்குள் முடித்துக்கொள்வது என் வழக்கம்.

சரி, இரண்டாவது மெயிலுக்கு என்ன ஆச்சு? அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் காலியாக! அண்ணாச்சி தான் அனுப்பிய பழைய மெயிலைத் திறந்து, ரிப்ளை அமுக்கி, 'இத்துடன் இணைத்துள்ள படங்களைப் பார்த்து ஆவன செய்யவும்' என்று எழுதியிருக்கிறார். ரிப்ளை அமுக்கினால் பழைய எழுத்து மட்டும்தான் கூடவே போகும். இணைப்பு போகாது. ஃபார்வர்ட் அமுக்கினால்தான் இணைப்பும் சேர்ந்து வரும். எதிரே இருந்தவர், 'இணைத்துள்ள' என்று இருக்கிறது, ஒன்றையும் காணோமே என்று அடுத்த மெயிலுக்குப் போயிருப்பார். நினைவூட்டல் மெயிலில் அதிகம் பேர் விழுகிற குழி இது. ரிப்ளையில்தான் எழுதுவேன், அப்போதுதான் பழைய பேச்சு தொடரும் என்றால் தாராளமாக எழுதுங்கள். இணைப்பை மட்டும் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

மெயில் சேவையே நடத்துகிற ஜோஹோ கம்பெனி 2011-இல் தென்காசிக்கு வந்தாச்சு. மத்தளம்பாறையில் ஆபீஸ் இருக்கிறது. அதற்காக, பக்கத்தில் கடை வைத்திருக்கிறார் என்று எந்த சர்வரும் அண்ணாச்சிக்குச் சலுகை தரப்போவதில்லை. உட்கார்ந்து சரக்கைக் குறைத்தோம்.

முதல் கேள்வி, எதை அனுப்புவது? அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் அனுப்ப ஆசை. ஈரமான மூட்டையை மட்டும் நாலு கோணத்தில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் நினைவூட்டல் மெயிலின் வேலை, அந்த அதிகாரி எழுந்து போய்ப் பழையதைத் தேடாமல், அந்த இடத்திலேயே கோப்பைத் திறந்து அடுத்த அடி வைக்கச் செய்வதுதான். அதற்கு எது தேவை? கிளெய்ம் ஃபாரம், பாலிசியின் முதல் பக்கம், ஃப்ரீசர் வாங்கிய பில், சரக்கு பில் இரண்டு, போட்டோ நான்கு. ஒன்று கடை முகப்பும் போர்டும் தெரிகிற மாதிரி. ஒன்று குடோன் முழுசும், சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரிகிற மாதிரி. ஒன்று ஃப்ரீசரின் சீரியல் நம்பர். ஒன்று சரக்கு. 'மற்ற படங்கள் கைவசம் உள்ளன, கேட்டால் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி.

இரண்டாவது, கனம். செல்போன் போட்டோ 4000 புள்ளி அகலம் இருக்கும். சேதத்தைப் பார்க்க அத்தனை தேவையில்லை. கம்ப்யூட்டரில் பெயின்ட்டில் திறந்து, Resize-இல் அகலத்தை 1600 ஆக்கி, ஜேபெக்காக வேறு பெயரில் சேமித்தோம். 3 எம்.பி. படம் ஏறக்குறைய 400 கே.பி. ஆனது. பில்களை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினோம். இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரொம்பச் சுருக்கினால் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும். பில்லில் இருப்பதிலேயே பொடி எழுத்து ஜி.எஸ்.டி. நம்பர். அதைத் திரையில் தடுமாறாமல் படிக்க முடிந்தால் போதும், முடியாவிட்டால் மறுபடி ஸ்கேன்.

மூன்றாவது, வடிவம். படம் என்றால் ஜேபெக், காகிதம் என்றால் பி.டி.எஃப்., அவ்வளவுதான். அண்ணாச்சியின் மகள் ஐபோனில் எடுத்த இரண்டு படங்கள் HEIC என்ற முடிவோடு இருந்தன. 2017-லிருந்து ஐபோன் அப்படித்தான் சேமிக்கிறது. ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரில் அது திறக்காமல் போக வாய்ப்பு அதிகம். ஜேபெக்காக மாற்றினோம். கூடவே வைக்கவேண்டிய தமிழ்க் கடிதத்தை டைப்பிங் சென்டரில் ஏதோ பழைய ஃபான்ட்டில் வேர்டில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'ஐயா' என்பதற்குப் பதில் கோழி கிறுக்கின மாதிரிதான் தெரியும். பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்தும் உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அண்ணாச்சியின் மகள், "எல்லாத்தையும் ஜிப் பண்ணி பாஸ்வேர்ட் போட்டுரலாமா அங்கிள்?" என்றாள். வேண்டாம் என்றேன். பூட்டுப் போட்ட ஜிப்புக்குள் வைரஸ் இருக்கிறதா என்று சர்வரால் பார்க்க முடியாது, அதனால் பல ஆபீஸ்களில் சந்தேகப்பட்டு நிறுத்திவிடுவார்கள். தவிர, ஜேபெக் ஏற்கெனவே சுருக்கியதுதான். ஜிப் செய்தால் எடை குறையாது.

டிரைவ் லிங்க்? பெரிய வீடியோவுக்கு வேறு வழியில்லை. ஆனால் சில ஆபீஸ்களில் வெளி லிங்க்கையே திறக்க விடுவதில்லை. அனுமதி கொடுக்க மறந்தால் அவர் திறக்கும்போது 'அனுமதி கேள்' என்று வரும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு நேரம்?

கடைசியாகப் பெயர். IMG_20241213 என்று ஆறு ஃபைல் இருந்தால் எது ஃப்ரீசர், எது சுவர்? `01_Claim_Form.pdf`, `02_Freezer_Bill.pdf` என்று வரிசை எண்ணோடு இங்கிலீஷில் வைத்தோம். தமிழில் பெயர் வைத்தால் சில பழைய மெயில் நிரல்களில் புரியாத குறிகளாக மாறிவிடுகிறது. மெயிலின் உள்ளேயும் அதே பட்டியலை எழுதி, 'மொத்தம் 10 இணைப்புகள்' என்று சேர்த்தோம். ஒன்பதுதான் வந்திருந்தால் அவரே சொல்லிவிடுவார் இல்லையா?

மொத்தம் 4 எம்.பி. சொச்சம். முதலில் மகளின் வேறொரு மெயிலுக்கு அனுப்பி, போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அந்த ஆபீஸின் எல்லையை இந்தச் சோதனை சொல்லாது. ஃபைல் உடையவில்லை, திறக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பிறகு கம்பெனிக்கு அனுப்பி, பத்து நிமிடம் காத்திருந்தோம். எதுவும் திரும்பி வரவில்லை.

நான்காம் நாள் சர்வேயர் அண்ணாச்சிக்கு போன் செய்தார். நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம்: "போட்டோவோட ஒரிஜினல் இருக்கா?" செல்போன் எடுத்த அசல் படத்துக்குள் தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி இறக்கிய படத்தில் அது இருக்காது, சுருக்கிய பிரதியிலும் போயிருக்கலாம்.

அண்ணாச்சியின் போனில் அத்தனையும் பத்திரமாக இருந்தன. சுருக்கியவற்றை வேறு பெயரில் சேமித்தது அதற்காகத்தான்.