விமானத்தில் காய்ந்த கண்



லண்டனிலுள்ள மகளுக்குப் பிள்ளை கிடைத்தபோது, அதைப் பார்க்கப் போன பயணத்தில் நான் செய்துகொண்ட ஒரு பிழையை உங்களிடம் சொல்லப் போகிறேன். "பேத்தி கண்ட வயதில் கொன்டக்ட் லென்ஸா?" என்று சிரித்துவிடாதீர்கள். என் பார்வை மைனஸ் 8. இளவயதிலிருந்தே லென்ஸ்தான் போட்டுப் பழக்கம்.

அன்று சுபஹு தொழுதுவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் லென்ஸைப் போட்டுக்கொண்டேன். மாவனல்லையிலிருந்து கேகாலை, வரக்காப்பொலை வழியாகக் கட்டுநாயக்காவுக்கு வேனில் மூன்று மணித்தியாலம். விமானம் பகல் ஒரு மணிக்கு. பறப்பது ஏறத்தாழ 11 மணித்தியாலம். இறங்கிய பின் வரிசையில் நின்று, பெட்டியெடுத்து, மகள் வீடு போய்ச் சேர இன்னும் மூன்று. கூட்டிப் பாருங்கள், 22 மணித்தியாலம்! பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணியதுதான் என் முதல் பிழை.

இரண்டாவது பிழை போத்தல். கைப்பையில் 120 மில்லிலீற்றர் லென்ஸ் திரவப் போத்தல் இருந்தது. பாதிதான் மீதம். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற விதியில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை. போத்தலில் அச்சிட்டிருக்கும் அளவுதான் கணக்கு. பரிசோதனையில் எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியோ பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. ஆக, கழற்றினால் வைக்க இடமில்லை, கழற்றாமல் இருந்தால் கண்ணுக்கு ஆகாது.

விமானத்துக்குள் ஏன் கண் காய்கிறது தெரியுமா? அத்தனை உயரத்தில் வெளிக்காற்றில் ஈரமே இல்லை. அதைத்தான் உள்ளே எடுத்துச் சூடாக்கி விடுகிறார்கள். நமது ஊர்க் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70, 80 வீதம். விமானத்துக்குள் 20 வீதத்துக்கும் குறைவு. மென்மையான லென்ஸ் என்பது நீர் ஊறிய ஒரு மெல்லிய தகடு. அதன் மேற்பக்கம் காயக் காய, அடியிலுள்ள கண்ணீரை உறிஞ்சும். பிறகு இறுகும், இமைக்கும்போது நகராது. முன்னாலிருக்கும் திரையில் படம் பார்த்தால் இமைப்பதும் குறைந்துவிடும். மூடிய கண்ணுக்குக் காற்றும் குறைவு என்பதால், லென்ஸோடு தூங்குவது இன்னும் கேடு.

நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது கண்ணில் மணல் போட்ட மாதிரி இருந்தது. வுழுச் செய்யப் போன இடத்தில், ஈரக் கையாலேயே வலது லென்ஸைக் கிள்ளி இழுத்தேன். அது கருவிழியின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் அங்குள்ள டொக்டர் கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். உரிந்த இடம் பச்சையாகத் தெரிந்ததாம். கிருமி கொல்லும் சொட்டு மருந்து தந்தார். கண்ணைக் கட்டவில்லை, லென்ஸ் போடுபவருக்குக் கட்டினால் உள்ளே கிருமி வளர இடமாகும் என்றார். மூன்று நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், பேத்தியை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

ஒட்டிக்கொண்ட லென்ஸை இழுக்கவே கூடாது. லென்ஸுக்கு மேலேயே விடலாம் என்று எழுதியிருக்கும் ஈரச்சொட்டை மூன்று நான்கு துளி விட்டு, கண்ணை மூடி, ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். பிறகு இமைக்கும்போது லென்ஸ் அசைகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அசைந்த பின்புதான் விரல் படலாம். கண் சிவப்புக்கென்று விற்கும் சாதாரண சொட்டு மருந்து வேண்டாம். அதிலுள்ள காப்பு மருந்தை லென்ஸ் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரும் லென்ஸில் படக்கூடாது. அதிலிருக்கக் கூடிய அக்கந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்று பார்வையையே கெடுக்கவல்லது. வுழுவில் கண்ணின் உட்புறம் கழுவ வேண்டியதில்லை. ஆகவே கண்ணை இறுக மூடி முகம் கழுவி, துடைத்துவிட்டுத் திறந்தால் போதும். லென்ஸைத் தொடுவதென்றால் சவர்க்காரமிட்டுக் கழுவிய கை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

இப்போது நான் 60 மில்லிலீற்றர் பயணப் போத்தல்தான் வாங்குகிறேன். பெரிய போத்தலிலிருந்து சின்னதில் ஊற்றிக்கொள்வது சிக்கனம் போலத் தெரியும்; ஊற்றும்போதே அதன் சுத்தம் போய்விடும். மேலே போனதும் போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து கசியும் என்பதால், மூடியை இறுக்கி, லென்ஸ் பெட்டியோடும் ஈரச்சொட்டோடும் சேர்த்துத் தெளிவான பிளாஸ்டிக் பையில் போடுகிறேன். புதிய ஸ்கேனர் உள்ள சில விமான நிலையங்களில் பெரிய போத்தலையும் விடுகிறார்களாம். ஆனால் இடையில் விமானம் மாறுமிடத்திலும் அப்படியா என்று யார் கண்டது? ஒருநாள் மட்டும் போட்டு எறியும் லென்ஸ் என்றால் திரவமே தேவையில்லை, விலைதான் கூட.

உண்மையைச் சொன்னால் இந்தப் பையை வழியில் நான் திறப்பதேயில்லை. வீட்டிலிருந்தே மூக்குக்கண்ணாடியோடு புறப்படுகிறேன். லென்ஸ், போய்ச் சேர்ந்து ஒரு தூக்கம் போட்ட பிறகுதான். போன முறை அப்படித்தான் போய் இறங்கினேன். பேத்தி தாவி வந்து முதலில் பிடித்திழுத்தது அந்தக் கண்ணாடியைத்தான்.