மூன்று வரியும் ஒரு பக்கமும்

கூட்டம் முடிந்தால் பெரியவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது எழுத்தர் தலையில் விழும். என் காலத்தில் அதை இரண்டாக எழுதுவேன். மேலதிகாரிக்கு மூன்று வாக்கியம், வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு முழுப் பக்கம். இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்த பிறகுதான்.

தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருடம். மேட்டூர் கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவார்கள். சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் 45,000 ஏக்கர் அதை நம்பி இருக்கிறது. அந்த வருடம் அணையில் தண்ணீர் குறைவு. ஒரு கிளை வாய்க்காலுக்கு முறை வைத்து விடுவது பற்றிக் கூட்டம் நடந்தது. இரண்டு மணி நேரச் சத்தத்துக்குப் பிறகு முடிவாயிற்று: முதல் ஐந்து நாள் தண்ணீர் கடைமடைக்கு, அடுத்த ஐந்து நாள் தலைமடைக்கு. கடைமடைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தங்கள் முறை நடக்கும்போது கரையோர ஆயில் எஞ்சின்களை நிறுத்தி வைத்தால் ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கு அதிகாரி உத்தரவு போட வேண்டும்.

அதிகாரி அன்று மாலையே சென்னை கிளம்ப வேண்டியிருந்தது. அவசரமாக மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்:

"கிளை வாய்க்காலில் முறைப்பாசனம் குறித்துக் கூட்டம் நடைபெற்றது. விவசாயிகள் பலரும் கருத்துத் தெரிவித்தனர். கடைமடைக்கு முதல் முறை என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டனர்."

அவர் அதைப் படித்துவிட்டு, பத்திரிகைக்காரர்களிடம் "எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். எஞ்சின்களை நிறுத்தும் உத்தரவு போடப்படவே இல்லை. நான் எழுதாதது அவருக்கு எப்படித் தெரியும்? நான்காம் நாள் காலை கடைமடையிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். ஒரு பெரியவர் வாடிய நாற்றுப் பிடியை என் மேஜை மேல் வைத்தார். "ஏனுங்க, எஞ்சினை நிறுத்தறமுன்னு பேசுனதுதானுங்களே?" அவ்வளவுதான் கேட்டார். என் முழுப் பக்கக் குறிப்பில் அந்த வரி இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அதிகாரி கண்ணில் படவில்லை.

அன்று ராத்திரி புதுச்சேரியில் படித்த பிரெஞ்சுப் பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே 'ரெசுமே' என்று ஒரு பயிற்சி உண்டு, ஒரு கட்டுரையைக் கால்வாசியாகச் சுருக்கி எழுத வேண்டும். எங்கள் வாத்தியார் உதாரணங்களை அடிக்கச் சொல்வார், பெயர்களை அடிக்கச் சொல்வார். 'மே', 'ஸி' என்ற இரண்டு சொல்லை மட்டும் தொடவிட மாட்டார். 'ஆனால்', 'இப்படியானால்' என்று அர்த்தம். பிரெஞ்சில் அவை தனிச் சொல்லாக நின்று கண்ணை உறுத்தும். தமிழில் நிபந்தனை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். "நிறுத்தினால் ஏற்கிறோம்" என்பதில் அந்த 'ஆல்' போய்விட்டால் "ஏற்கிறோம்" மட்டும் மிஞ்சும். எனக்கு நடந்தது அதுதான்.

பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். கூட்டம் நடந்தது, பேசினார்கள் என்பதை மூன்று வாக்கியத்தில் எழுதுவதில்லை. அது அவருக்கே தெரியும். முதல் வாக்கியம் முடிவு, இரண்டாவது அந்த முடிவைக் கவிழ்க்கக்கூடிய விஷயம், மூன்றாவது அவர் செய்ய வேண்டியதும் கெடுவும். அன்று இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"முதல் ஐந்து நாள் கடைமடைக்கும் அடுத்த ஐந்து நாள் தலைமடைக்கும் தண்ணீர் விட முடிவாயிற்று. கரையோர எஞ்சின்களை நிறுத்தினால் மட்டுமே கடைமடையினர் இதற்கு உடன்படுவர். நிறுத்தும் உத்தரவில் தாங்கள் இன்று கையொப்பமிட வேண்டும்."

முழுப் பக்கம் வேறு ஆட்களுக்கு. எந்த மதகு, யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று வரிவரியாக இருக்க வேண்டும். காரணமும் வேண்டும். மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் நடுராத்திரியில் தலைமடைக்காரர் வந்து, "என் வயல் பக்கத்தில் இருக்க, அங்கே எதுக்குத் தண்ணி?" என்று கேட்பார். முடிவு மட்டும் தெரிந்த லஸ்கர் முழிப்பார். வாய்க்கால் நிறைந்து ஓடும்போதே கடைமடைக்கு அனுப்பாவிட்டால் பிறகு தண்ணீர் அவ்வளவு தூரம் போய்ச் சேராது என்ற காரணம் தெரிந்தவர் பதில் சொல்வார். அதிகாரிக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. லஸ்கருக்கு அதுதான் கையில் இருக்கும் தடி.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் பக்கம், அதுவும் அன்று மாலையே. அதை மூடி வைத்துவிட்டு மூன்று வாக்கியம். பிறகு திறந்து, பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்ப்பேன்: இந்த வரி தெரிந்தால் அதிகாரி வேறு மாதிரி முடிவெடுப்பாரா? ஆமாம் என்றால் அது மேலே ஏற வேண்டும். சில சமயம் மூன்று நான்காகிவிடும். அதற்காக எவரும் என்னைக் கோபித்ததில்லை.

அந்தப் பெரியவரும் என்னைக் கோபித்துப் பேசவில்லை. நாற்றை மேஜையிலேயே விட்டுப் போனார். சாயங்காலம்வரை அதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.