ட்யூப் லைட்டில் சிவந்த காலர்

காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும் பனியன் துணிகளுக்கு அம்மா இருபது வருடமாக வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறார். கட்டு வீட்டு வாசலுக்கு வரும், மறுநாள் போகும். கூலி டஜன் கணக்கில். தையலில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று தொட்டவுடன் சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. செக்கிங் மேஜைக்கு அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. ஆகவே 2021 மே ஊரடங்கில் எனக்கு 'வீட்டிலிருந்து வேலை' என்றபோது, எங்கள் வீட்டில் அது புதுச் செய்தி இல்லை.

நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசர். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்குபவரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, துணி எங்கே நிற்கிறது என்று அட்டவணையில் குறிப்பது, சாம்பிள் அனுப்புவது. இதையெல்லாம் வீட்டிலிருந்தே செய்யலாம், நன்றாகவே செய்தேன். ஊரடங்கு முடிந்து என்னோடு சேர்ந்த பையன் அலுவலகம் திரும்பினான். பெண்கள் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அக்கறையாகத்தான் சொன்னார்கள். அது ஏழு மாதம் நீண்டது.

அந்த ஏழு மாதத்தில் ஒரு நேவி நீல போலோ ஆர்டர். உடம்புத் துணி ஒரு சாயப்பட்டறையிலும், காலர் ரிப் குறைந்த அளவு என்பதால் வேறொரு பட்டறையிலும் போனது. இரண்டின் படமும் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. ஒரே நீலம். அட்டவணையில் 'ஓகே' போட்டேன்.

அந்தப் பையன் அன்று மாலை இரண்டு துண்டுகளையும் லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறான். பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கில் இரண்டும் ஒன்று. ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 பொத்தானைத் தட்டியதும் காலர் சிவப்படித்துவிட்டது. இரண்டு பட்டறையும் வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தைப் பிடித்திருந்தால் இப்படி ஆகும். மெட்டாமெரிசம் என்பார்கள். ஃபோன் கேமராவோ வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும், அதில் இது தெரியவே தெரியாது. காலரை மறுபடி சாயம் போட்டு, நான்கு நாள் தள்ளி, கப்பலை ஒருவழியாகப் பிடித்தார்கள்.

படிப்பில் இந்த வார்த்தையை நானும் படித்திருந்தேன், அவனும் படித்திருந்தான். பொத்தானைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொன்னவர் பக்கத்தில் நின்ற டையிங் மாஸ்டர். "வெயில்ல ஒண்ணா இருக்குதுன்னு நம்பிராதீங்க தம்பி, கடையில போய் பல்லக் காட்டும்." இதை மின்னஞ்சலில் யாரும் எழுத மாட்டார்கள். அடுத்த வருடம் அவன் சீனியர் ஆனான். எனக்கு 'பதில் உடனே போடும் பெண்' என்ற நல்ல பெயர் கிடைத்தது.

சீனாவின் சிடிரிப் பயண நிறுவனத்து அழைப்பு மைய ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்து நிக்கலஸ் ப்ளூமும் மற்றவர்களும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2015இல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

இருந்தாலும் 'ஆகவே எல்லாரும் அலுவலகம் வாருங்கள்' என்று என்னால் எழுத முடியவில்லை. 2022இல் நான் தினமும் போனேன். அப்போதுதான் கவனித்தேன், கற்றுக்கொள்ளும் இடம் அலுவலகம்கூட இல்லை. சாயம் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இறங்கும். ஷேடு பார்க்க மேனேஜரின் வண்டிக்குப் பின்னால் ஏறிப் போகிறவன் பையன். திரும்பும்போது டீக்கடையில்தான் எந்தப் பட்டறையை நம்பலாம், எந்த வாங்குபவர் எதற்கு விட்டுக்கொடுப்பார் என்ற பேச்சு. ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் எழுதிய புத்தகத்தில், தொழிலாளியாக நுழைந்து முதலாளியான கவுண்டர் ஆண்கள் தங்கள் உழைப்பின் கதையாகவே அந்த ஏற்றத்தைச் சொல்கிறார்கள். அந்த உழைப்பில் ராத்திரி வெளியே இருக்க முடிவதும் ஒரு பங்கு என்று எனக்குப் படுகிறது.

மேனேஜரிடம் கேட்டேன். "ஏம்மா, ராத்திரி உன்னை எப்படிம்மா கூட்டிட்டுப் போறது?" என்றார். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கை அளவு துண்டு காலை ஒன்பதுக்குள் என் மேஜைக்கு வர வேண்டும், நான் லைட் பாக்ஸில் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் கட்டிங் போகக் கூடாது என்று எழுதிக் கேட்டேன். ஒரு மாதம் இழுத்து ஒப்புக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், துண்டு பார்க்க வேண்டியிராத நாட்களில் மட்டும்.

சில துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டுவேன். ட்யூப் லைட்டுக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கழுத்து வேற பாட்டுப் பாடுது கண்ணு" என்பார். இதுவரை இரண்டு முறை சரியாகச் சொல்லியிருக்கிறார்.