ஜாருக்கு அடியில் விரலை வையுங்கள்

கோவை உக்கடத்துச் சந்தொன்றில் இருக்கிறது அந்த மிக்ஸி பழுதுபார்க்கும் கடை. போய்ப் பாருங்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார். கடைக்கார அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டு, காயில் கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 2011இல் அரசின் விலையில்லா மிக்ஸிகள் வீடுவீடாகப் போன பிறகு, பழுது வேலையும் கூடவே பெருகியது என்கிறார்.

நான் உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா வந்தார். உளுந்து அரைக்கும்போது தீய்ந்த வாசனை வருகிறதாம். “750 வாட் பத்தலைங்களா? ஆயிரம் வாட்டே வாங்கிரட்டுங்களா?” என்று கேட்டார்.

அண்ணன் மோட்டாரைத் தொடவே இல்லை. ஜாரைக் கவிழ்த்து, அடியிலிருந்த கப்ளரை ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தார். அது அசையவில்லை. “வாட்டுல ஒண்ணுமில்லீங்கம்மா. ஜாரு புடிச்சிருக்குதுங்க” என்றார்.

பிளேடைத் தாங்கும் தண்டு, புஷ் என்கிற சிறு உலோகக் குழாய்க்குள் சுழல்கிறது. மாவு அதற்குள் இறங்காமல் ஒரு வாஷர் தடுக்கிறது. வாஷர் இறுகிப்போனால் மாவுத் தண்ணீர் உள்ளே கசிந்து, இரவில் காய்ந்து, தண்டைக் கவ்விக்கொள்ளும். ஜாரின் அடியில் கறுப்பாக ஒழுகியிருந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். தண்டு மேலும் கீழும் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது.

750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். இறுகிய தண்டையும் சேர்த்து இழுக்க வேண்டி அது 5 ஆம்பியர் ஆனால், காயிலில் பிறக்கும் சூடு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கம்பியின் மேல்பூச்சு கருகுவதுதான் அந்த வாசனை. அடியில் உள்ள சிவப்புப் பட்டன் துள்ளி மோட்டாரை நிறுத்துவதும் இதனால்தான். அதை உடனே அழுத்தி மறுபடி ஓட்டுகிறவர்களால்தான் ஆர்மேச்சர் எரிகிறது என்று அண்ணன் வருத்தப்பட்டார்.

வாட் என்பது மிக்ஸி சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம். பிளேடுக்குப் போய்ச் சேரும் பலம் அதைவிடக் குறைவு. சட்னிக்கும் கொஞ்சம் மசாலாவுக்கும் 500 போதும். கெட்டியான உளுந்து மாவுக்கு 750 வேண்டும். 1000 வாட் அதே மாவைச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் மாவு சூடாவதை அது தடுக்காது. 750 வாட் நான்கு நிமிடம் ஓடி, அதில் பாதி ஒரு கிலோ மாவில் சூடாக இறங்கினால், மாவு ஏறக்குறைய 25 டிகிரி ஏறும். 30 டிகிரியில் இருந்த மாவு 55க்குப் போனால் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தாங்காது. ஐஸ் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

உலர்ந்த மசாலாவின் கதை வேறு. மாவைப் போலப் பொடி தானாகச் சுழன்று பிளேடுக்கு வராது. அதனால் தரைக்கு நெருக்கமாகப் பிளேடு ஓடும் சின்ன ஜார் வேண்டும், அதைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. விரலி மஞ்சளை முதலில் இடித்துக்கொள்ள வேண்டும். மல்லித் தூளில் எவ்வளவு நேரம் அரைத்தாலும் ரவை நின்றால் பிளேடு விளிம்பு மழுங்கிவிட்டது.

அண்ணன் மேசையில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார். 304 வகை எவர்சில்வர் பிளேடு காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. துருவைத் தாங்கும், ஆனால் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்த முடியாத எஃகு அது. 420 வகை நன்றாக ஒட்டும். கடினப்படுத்தினால் கூர் நிற்கும், உப்போடு ஈரமாக விட்டால் துரு பிடிக்கும். மசாலாவுக்கு இரண்டாவதையும் மாவுக்கு முதலாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன். கல்லுப்பு போட்டு அடித்தால் கூர் வரும் என்பது வீண் நம்பிக்கை. உப்பு எஃகைவிட மென்மையானது, ஒட்டியிருப்பதைத்தான் சுரண்டும். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஜாரைப் பழச்சாறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு எண்ணெய் பட்டால் அது வெடிப்பு விடும்.

அந்த அம்மாவின் ஜாருக்குப் புஷ், வாஷர், கப்ளர் மூன்றும் புதிதாகப் போட்டார். காயில் பிழைத்திருந்தது, கார்பனை மட்டும் மாற்றினார். விரலால் சுண்டியதும் கப்ளர் பல சுற்று சுற்றியது.

இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாமல் “ஜாரே போச்சு, புதுசு வாங்குங்க” என்று சொல்லிக் கல்லாவை நிரப்புகிற வியாபாரத்தின் மீது எனக்குக் கோபம் வருகிறது. நடுவில் நிற்பவர்கள் மட்டமான புஷ்ஷை நல்ல விலைக்குத் தள்ளுகிறார்கள். அது சில மாதங்களில் தேய்ந்ததும் வசவு வாங்குவது கைவேலை செய்தவர். செம்புக் காயில் என்று சொல்லி அலுமினியம் சுற்றிய மோட்டாரையும் விற்கிறார்கள். அப்படி எரிந்து வந்த ஒரு காயிலை அண்ணன் கத்தியால் சுரண்டிக் காட்டினார். செந்நிறப் பூச்சுக்கு அடியில் வெள்ளைக் கம்பி. அதே அளவு அலுமினியக் கம்பி செம்பில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அதே ஆம்பியருக்குக் கூடுதலாகச் சூடாகும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் மட்டும் பெரிதாக இருக்கும். “தம்பி, செம்பா அலுமினியமான்னு கேளுங்க, சொன்னா பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க” என்றார் அண்ணன். “எழுத மாட்டேன்னா அந்தக் கடையில வாங்காதீங்க.”