வெள்ளியும் சனியும் ஓய்வான வாரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் புளியங்கூடலில் கந்தோர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கும். நான் கணக்குப் பார்க்கும் கட்டாரில் ஞாயிறு முதல் வியாழன் வரை. எக்செலோ, சொல்லிக் கொடுக்காத வரைக்கும் சனியும் ஞாயிறும்தான் ஓய்வு என்று நம்பிக்கொண்டிருக்கும். லீவுக் கணக்கு பிழைக்கும் இடம் அதுதான்.

வேலை நாளாக லீவு கழிக்கும் அலுவலகம் ஒன்றில், ஊருக்குப் போகிற ஒருவர் 2024 டிசம்பர் 10 செவ்வாய் முதல் 21 சனி வரை லீவு கேட்கிறார் என்று வையுங்கள். 18ஆம் திகதி கட்டாரின் தேசிய தினம். அதை A2 கட்டத்தில் எழுதிவிட்டு, பலரும் வழக்கமாகப் போடும் சூத்திரத்தைப் போட்டால்:

```
=NETWORKDAYS(DATE(2024,12,10),DATE(2024,12,21),A2)
```

விடை 8. கையால் எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்தில் 10, 11, 12 என மூன்று நாள். அடுத்த வாரத்தில் ஞாயிறு 15 முதல் வியாழன் 19 வரை ஐந்து, அதில் தேசிய தினம் போக நான்கு. மொத்தம் 7. எக்செல் இரண்டு வெள்ளிகளை வேலை நாளாகச் சேர்த்து, ஒரு ஞாயிறை ஓய்வாக விட்டிருக்கிறது. உழைத்துச் சேர்த்த லீவில் அவருக்கு ஒரு நாள் போய்விடும்.

சரியான சூத்திரம் எக்செல் 2010இல் இருந்து இருக்கிறது:

```
=NETWORKDAYS.INTL(DATE(2024,12,10),DATE(2024,12,21),7,A2)
```

7 என்பது வெள்ளி, சனி ஓய்வுக்கான எண். விடுமுறைப் பட்டியல் இங்கே நான்காவது இடத்துக்குத் தள்ளிப்போகிறது. சிலர் `.INTL` போட மறந்து, பழைய சூத்திரத்தின் மூன்றாவது இடத்தில் A2வுக்குப் பதில் 7 என்று எழுதிவிடுவார்கள். எக்செல் பிழை காட்டாது. அந்த 7ஐ 1900 ஜனவரி 7 என்ற ஒரு விடுமுறை நாளாக எடுத்துக்கொண்டு, தேசிய தினத்தையும் கழிக்காமல், அமைதியாக 9 என்ற தவறான விடையைத் தரும்.

இந்தப் பிழை வருடக்கணக்கில் பிடிபடாமல் இருக்கக் காரணம் உண்டு. எந்த முழு ஏழு நாளை எடுத்தாலும் இரண்டு சூத்திரமும் ஐந்து என்றே சொல்லும். வித்தியாசம் லீவின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் தெரியும். அல்லது விடுமுறை ஒன்று வெள்ளியிலோ ஞாயிறிலோ விழும்போது தெரியும். 2024இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 16, ஞாயிறு. அதை விடுமுறைப் பட்டியலில் எழுதியிருந்தாலும் பழைய சூத்திரம் கழிக்காது. அதன் கண்ணுக்கு அது ஏற்கனவே ஓய்வு நாள். ஆகவே மாதத்தின் கூட்டுத்தொகையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. ஒரு வெள்ளியை மட்டும் தொடக்கமாகவும் முடிவாகவும் கொடுங்கள். 0 வர வேண்டும். ஒரு ஞாயிறைக் கொடுங்கள்; 1 வர வேண்டும். யார் தந்த கோப்பானாலும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

திரும்பி வேலைக்கு வரும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும்.

```
=WORKDAY.INTL(DATE(2024,12,21),1,7,A2)
```

இது 22 ஞாயிறைத் தரும். வெறும் `WORKDAY` 23 திங்கள் என்று சொல்லும். அதை நம்பி வருகிறவர் ஒரு நாள் வராதவராகப் பதியப்படுவார்.

பழைய சேவைக் கணக்குகளுக்கு ஒரே எண்ணை ஓட விடவும் முடியாது. சவூதியில் 2013 ஜூன் வரை வியாழனும் வெள்ளியும் ஓய்வு; அதற்கு எண் 6. அமீரக மத்திய அரச அலுவலகங்கள் 2022 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்கு மாறி, வெள்ளியை அரை நாளாக்கின. மாறிய திகதியில் கணக்கை இரண்டாக வெட்டிக் கூட்ட வேண்டும். அரை நாள் என்பது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. வெள்ளிகளைத் தனியே எண்ணிப் பாதியைக் கழிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உதவியது எண்களில் இல்லாத ஒன்று. ஊரிலுள்ள காணிக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புகிறவருக்கு, டோஹாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நாளில் கந்தோர் திறந்திருக்கும் நாட்கள்தான் தேவை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் போக வேண்டும். அதற்கு ஆயத்த எண் எதுவும் இல்லை. திங்களில் தொடங்கும் ஏழு இலக்கங்களை மேற்கோள் குறிக்குள் எழுதலாம். 1 என்றால் ஓய்வு:

```
=NETWORKDAYS.INTL(DATE(2024,12,1),DATE(2024,12,31),"0000111",A2:A3)
```

A3இல் எங்கள் பக்கத்து விடுமுறையான நத்தார், 25ஆம் திகதி. விடை 16. அந்த மாதம் கட்டாரின் வேலை நாள் தேசிய தினம் மட்டும் போக 22 என்பதால், இரு பக்கமும் பேசி முடிக்க வேண்டிய அலுவலுக்கு ஆறு நாள் குறைகிறது. இரு நாட்டுக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். அந்த 16 நாளிலும் டோஹாக்காரர் காலையிலேயே கூப்பிட்டால்தான் ஊரில் பதில் சொல்ல ஆள் இருக்கும்.