நேர்காணலுக்குப் போகும் பிள்ளையின் உடை



எங்கள் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலைக்குச் செல்வோரை அவர்களின் கைகளைக் கொண்டே அறிந்துகொள்ளலாம். அலுமினியத் தூள் விரல் ரேகைகளுக்குள்ளும் நகக் கண்களுக்குள்ளும் இறங்கிவிடும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் ஈயம் பூசினாற்போல ஒரு சாம்பல் நிறம் எஞ்சி நிற்கும். எம்மிடம் மாலை மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், வணிகவியல் பட்டம் முடித்தவர், விடுமுறை நாள்களில் தம் அத்தாவுடன் அந்த வேலைக்குச் சென்று வந்தார். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கணக்குப் பிரிவுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, அவர் என்னிடம் கேட்டது பாடத்தைப் பற்றியன்று. "ஹஜ்ரத், புதுச்சட்டை எடுக்க எவ்வளவு ஆகும்?" என்பதே அவருடைய கேள்வி.

இதற்கு முன்னர் அவர் வேறோர் இடத்துக்குச் சென்று வந்திருந்தார். பெருநாளுக்கு எடுத்த சட்டையை அணிந்து போயிருக்கிறார். உடலோடு ஒட்டிய தையல், பளபளக்கும் பொத்தான்கள், தோளில் பூ வேலை. மேசைக்கு அப்பால் இருந்தவர் சான்றிதழ்களை வாங்கும்போது அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு, "பட்டாசு சீசன் தொடங்கினால் வேலையை விட்டுப் போய்விடுவீர்களா?" என்று கேட்டாராம். நியாயமற்ற கேள்விதான். ஆயினும் அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கைகள் ஒன்றைச் சொல்லின. சட்டை வேறொன்றைச் சொல்லிற்று. பார்த்தவருக்கு இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

நேர்காணலுக்கான உடையில் செல்வம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உடை அளவாக இருக்க வேண்டும், அழுக்கற்றிருக்க வேண்டும், அந்த அலுவலகத்தில் நாளை அமர்ந்து வேலை செய்பவரின் உடையாகத் தோன்ற வேண்டும். மூன்றாவதை அறிய எளிய வழி உண்டு. அழைப்பு வந்தவுடன் ஒரு நாள் மாலை அந்நிறுவனத்தின் வாயிலுக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்று, பணி முடித்து வெளிவருவோரைப் பார்ப்பது. எம் மாணவர் அப்படியே செய்தார். கணக்கர்கள் எல்லோரும் வெளிர் நிறச் சட்டையை உள்ளே விட்டு, கருமை சார்ந்த பேண்ட் அணிந்திருந்தார்கள். டை கட்டியவர் ஒருவரும் இல்லை. ஆகவே டைக்குச் செலவில்லை.

வேட்டி அணிந்து போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 2014 இல் சென்னையில் வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றத்துக்குள் அனுமதிக்க மறுத்தனர். அதன் பிறகு, வேட்டிக்காகப் பொது இடங்களில் நுழைவை மறுக்கக் கூடாது என்று தமிழக அரசு அதே ஆண்டில் சட்டமே இயற்றிற்று. ஆனால் சட்டம் வாயிலைத்தான் திறந்துவிடும்; உள்ளே இருப்பவரின் எண்ணத்தை அது மாற்றாது. எல்லோரும் பேண்ட் அணியும் அலுவலகத்தில் முதல் நாளே வேட்டியைப் பற்றிய பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனிச் சட்டை. அவருடைய அண்ணனுக்கு வெளிர் நீலத்தில் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது. காலர் மடிப்பில் நூல் பிரிந்துவிட்டதால் மூலையில் கிடந்தது. பிறருடைய சட்டையை எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோளை. கையைச் சட்டையோடு இணைக்கும் தையல், நம் தோள் எலும்பு முடியும் இடத்தில் சரியாக நிற்க வேண்டும். அது கீழே தொங்கினால் அந்தச் சட்டையை விட்டுவிட வேண்டியதுதான், ஏனெனில் தோளைத் திருத்துவது முழுச்சட்டையையும் பிரித்துத் தைப்பதற்குச் சமம். மற்ற குறைகளைத் தையற்காரர் எளிதில் தீர்த்துவிடுவார். இடுப்புப் பக்கம் அகலமாயிருந்தால் பிடித்துத் தைக்கலாம். கை நீளமாயிருந்தால் மணிக்கட்டு எலும்பு வரை குறைக்கலாம். கழுத்துப் பொத்தானைப் போட்டபின் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் போதும்.

காலர் நைந்ததற்கு நம் பழைய தையற்காரர்கள் அறிந்த ஒரு வழி உண்டு. காலரைப் பட்டியிலிருந்து பிரித்தெடுத்து, தலைகீழாகத் திருப்பி மறுபடி தைத்துவிடுவார்கள். நைந்த பக்கம் அடியில் மறைந்துகொள்ளும். வெயில் படாத அடிப்பக்கம் புதிதாக மேலே வரும். காலர் முனையில் பொத்தான் வைத்த சட்டைக்கும், அடியில் வேறு நிறத்துணி வைத்துத் தைத்ததற்கும் இது ஆகாது. சாத்தூரில் ஒரு முதியவர் காலரைத் திருப்பி, பக்கங்களையும் பிடித்துத் தைத்து 120 ரூபாய் வாங்கினார். இளைய தையற்காரர்கள் பலர் இந்த வேலையை ஏற்பதில்லை. வயதானவரைத் தேடிப் போக வேண்டும்.

காலரின் உட்புறத்தில் படிந்த மஞ்சள் கறை, தோலின் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தது. இதற்கு வீட்டில் முதலில் கை நீளுவது பிளீச்சிங் பவுடருக்குத்தான். வியர்வைக் கறையின் மேல் அதைப் போட்டால் மஞ்சள் இன்னும் அடர்ந்துவிடும். நிறத்துணியாயின் திட்டுத் திட்டாக வெளுத்தும் போகும். துணியை நனைத்து, கறைமேல் துணி சோப்பைத் தேய்த்து அரைமணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். ஒருமுறையில் போகாததை மறுமுறை செய்ய வேண்டும். பட்டாசு வேலைக்கு அணிந்த துணிகளோடு இதைச் சேர்த்து ஊறவைக்கவே கூடாது. அந்தத் தூள் இதிலும் ஏறிவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பட்டாசு வேலைக்குப் பருத்தி ஆடைதான் அணிய வேண்டும். செயற்கை இழை உராய்ந்து மின்பொறி உண்டாக்கும் என்பதை எங்கள் ஊர்க் குழந்தையும் அறியும். ஆதலால் எங்கள் பிள்ளைகளுக்குப் பருத்தியே நல்லது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நேர்காணலுக்கோ பாலியெஸ்டர் கலந்த துணி ஏற்றது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பேருந்தில் நெருக்கி அமர்ந்து சிவகாசி போய்ச் சேரும்போது தூய பருத்திச் சட்டை கசங்கித் துவண்டிருக்கும்; கலப்புத் துணி அவ்வளவு கசங்காது. இஸ்திரி போடும்போது மட்டும் சூட்டைக் குறைக்க வேண்டும். கருநிறப் பேண்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் துணி மினுமினுப்பேறிப் பழையதாகத் தெரியும். மெல்லிய ஈரத்துணியை விரித்து அதன்மேல் தேய்க்க வேண்டும்.

இவை யாவற்றினும் கடினமாக இருந்தது கைகள்தான். அலுமினியத் தூள் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு அசையும். காய்ந்த கையில் தேங்காய் எண்ணெயை விட்டு, நகக் கண்களிலும் விரல் மடிப்புகளிலும் சில நிமிடங்கள் நன்றாகத் தேய்த்து, பழைய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வருவதைக் கண்ணால் காணலாம். அதன் பின்னரே சோப்பும் பீர்க்கங்காய் நாரும். சிலர் மண்ணெண்ணெய் போடுகிறார்கள். தோல் வெடித்துவிடும், நாற்றமும் இரண்டு நாள் போகாது. நகங்களை ஒட்ட வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் ஒரே நாளில் இது தீராது. காலையும் மாலையும் இப்படிச் செய்து, மூன்றாம் நாள்தான் அவருடைய கைகள் தெளிந்தன. அந்த மூன்று நாளும் வேலைக்குப் போகாதிருக்க வேண்டும். இந்த நேர்காணலில் மிகப் பெரிய செலவு சட்டையோ பேண்டோ அன்று. மூன்று நாள் கூலிதான். அவருடைய அத்தா முதலில் தயங்கினார். மூன்று நாள் கூலி என்பது அவர்கள் வீட்டில் சிறிய தொகை அன்று. "கையைப் பார்த்தா வேலை கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். முன்னர் நடந்ததை மகன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னார். அத்தா சற்று நேரம் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

உடையைப் பற்றி இவ்வளவு பேசுவது பெருமைக்கு இடம் தராதா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அழுக்கான ஆடையோடு வந்த ஒருவரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், துவைத்துக்கொள்ள இவருக்கு எதுவும் கிடைக்கவில்லையா என்று வினவியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மேலும், தூதுக்குழுவினரைச் சந்திக்கும்போது அணிய ஓர் ஆடையை வாங்கலாமே என்று உமர் (ரலி) அவர்கள் கூறியபோது, அது பட்டு என்பதால்தான் நபியவர்கள் மறுத்தார்கள்; வருவோருக்காக நன்றாக உடுத்துவதைக் குறை கூறவில்லை. அந்தப் பெரியவரிடம் இவ்விரண்டையும் எடுத்துச் சொன்னேன்.

தாடியைப் பற்றியும் கேட்கிறார்கள். தாடி தடை என்று நான் கருதவில்லை. ஒழுங்கற்ற தாடியே தடை. கழுத்துப் பகுதியையும் கன்னத்தின் மேலெல்லையையும் சீர் செய்து, காலையில் சிறிது எண்ணெய் தொட்டு வாரினால் அது முகத்துக்குக் கண்ணியம் தரும். முடிவெட்டை நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. முதல் நாள் வெட்டினால் பிடரியில் வெள்ளைக் கோடு தெரியும். அத்தரை அளவாகவே பூச வேண்டும். சிறிய அறையில் ஊது அத்தர் எதிரில் இருப்பவரின் தலையைச் சுற்ற வைத்துவிடும். குளித்தபின் அக்குளில் படிகாரத்தை நனைத்துத் தேய்த்தால் வியர்வை நாற்றம் அடங்கும். பத்து ரூபாய்ப் படிகாரம் ஆறு மாதம் வரும்.

நம் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கறுப்பு அபாயா வெயிலில் உலர்ந்து பழுப்பேறினால் அதுவே முதலில் கண்ணில் படும். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கரிசல் புழுதி கறுப்பில் நன்றாகத் தெரியும் என்பதால் ஈரக் கைக்குட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

நேர்காணல் அன்று அவர் பழைய சட்டையோடு பேருந்து ஏறினார். தேய்த்த சட்டையைச் செய்தித்தாளில் தட்டையாக மடித்துப் பையில் வைத்திருந்தார். சிவகாசியில் ஒரு பள்ளிவாசலில் ஒளுச் செய்து, லுஹா இரண்டு ரக்அத் தொழுது, அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தார். மொத்தச் செலவு, பேண்ட் 550 ரூபாய் உட்பட, ஆயிரத்தைத் தொடவில்லை. காலணி இரவல், பழையதுதான், மெருகு தடவி இரவெல்லாம் வைத்திருந்து காலையில் துணியால் துலக்கியது. புதுக்காலணி வாங்கியிருந்தால் குதிகாலைக் கடித்து நொண்டி நொண்டிப் போயிருப்பார்.

அவர்கள் கணக்கைப் பற்றி மட்டுமே கேட்டார்களாம். இப்போது அங்கே இரண்டாம் ஆண்டு பணியில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். முதல் மாதச் சம்பளத்தில் கறுப்புக் காலணி ஒரு ஜோடி வாங்கி மதரஸாவில் கொண்டுவந்து வைத்தார். எட்டாம் எண். பிறகு வேறொருவர் ஒன்பதாம் எண் கொடுத்தார். அலமாரியில் கிதாபுகளுக்குக் கீழ்த்தட்டில் அவை அமானிதமாக இருக்கின்றன. கொண்டுபோவோர் துடைத்து மெருகிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஏழாம் எண் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் நேர்காணலுக்குப் போகவிருக்கும் பிள்ளைக்குச் சிறிய பாதம். யாரிடமேனும் இருந்தால் அஸருக்குப் பின் வந்து கொடுக்கலாம்.