முக்கோணத்துக்குள் இருக்கும் 5



போன வருடம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு தகவல் போட்டிருந்தேன். ‘பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்று இருந்தால் அதை ஐந்து முறை சூடுபடுத்தலாம், பயமில்லை’ என்று எழுதியிருந்தேன். எனக்கு யாரோ அனுப்பியது. சரிபார்க்காமல் என் பெயரில் எழுதிவிட்டேன். ‘டீச்சரே சொல்லிட்டாங்க’ என்று பலரும் நம்பினீர்கள். அது தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

நம்பியவர்களில் என் தங்கையும் ஒருத்தி. சென்ற மாதம் ஓட்டலில் வாங்கிய சிக்கன் குழம்பில் பாதி மிச்சமிருந்தது. கறுப்பு டப்பா, மேலே கண்ணாடி போன்ற மூடி. திருப்பிப் பார்த்திருக்கிறாள், 5 இருந்தது. மூடியோடு அப்படியே மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தாள். வெளியே எடுக்கும்போது டப்பாவின் பக்கம் கைக்குள் அமுங்கியது. கொதித்த குழம்பு இடது கையில் கொட்டிவிட்டது. உடனே குழாயைத் திறந்து வெகுநேரம் தண்ணீரில் கையைக் காட்டியதால் பெரிய புண்ணாகவில்லை. ஆனாலும் தழும்பு இருக்கிறது.

போனில் அவள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. “ஏன்க்கா, நீ சொன்ன மாதிரி அஞ்சுதானே போட்டிருந்துச்சு?”

நான் அங்கே போனபோது அந்த டப்பாவைக் கழுவி வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் நீண்ட காலமாக வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் மகள் திருமணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். அவரிடம் காட்டினேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தவர், அடுத்து மூடியைக் கேட்டார். “எல்லாரும் டப்பாவை மட்டும் பாப்பாங்க டீச்சர். மூடியை யாரும் பாக்க மாட்டாங்க” என்றார்.

மூடியில் இருந்த எண் 1.

பிறகு அவர் பாடம் நடத்த, நான் மாணவியாக உட்கார்ந்தேன். முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 1988இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம், பழைய பிளாஸ்டிக்கை வகை பிரிப்பவர்களுக்காக ஏற்படுத்திய அடையாளம் அது. எத்தனை முறை பயன்படுத்தலாம், எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எண் பெரிதானால் தாங்கும் சக்தி கூடும் என்பதும் இல்லை. தெர்மாகோல் பெட்டி 6ஆம் எண். அது 5ஐவிடச் சூட்டுக்குப் பலவீனம்.

5 என்பது பாலிபுரொப்பிலீன். சூடு தாங்கும் டப்பாக்கள் பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகின்றன. சுமார் 160 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். 1 என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகை. இது 70 டிகிரி வாக்கிலேயே இளகி வளையத் தொடங்கும். குழம்பு கொதித்து எழுந்த ஆவி தங்கையின் மூடியை வளைத்து, சுருக்கி, ஓரத்தில் வெள்ளையாக்கியிருந்தது.

“மூடி சரி, டப்பா 5தானே? அது ஏன் அமுங்கியது?” என்று கேட்டேன். அவர் டப்பாவின் உட்பக்கத்தில் விரலை ஓட்டினார். குழம்பு நின்ற மட்டத்தில் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் மட்டும் சொரசொரப்பு, சின்னச் சின்னக் குழிகள். அதுதான் எண்ணெய் மிதந்த இடம். குழம்பில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேலே மிதக்கும் எண்ணெய்க்கு அந்த வரம்பு கிடையாது. அதற்கு மேலும் ஏறும். ஓட்டல் டப்பாவின் சுவரோ மெல்லியது. எண்ணெய் தொட்ட இடம் முதலில் இளகிவிடுகிறது. அல்வா, கேசரி போன்ற சர்க்கரைப் பண்டங்களுக்கும் இதே கதைதான், ஏனென்றால் பாகும் 100 டிகிரியைத் தாண்டும்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? அலை அலையாக இரண்டு மூன்று கோடுகளோ, அந்தக் கோடுகளுக்குக் கீழே ஒரு பாத்திரமோ வரைந்திருந்தால் அது மைக்ரோவேவுக்கான குறி. எல்லாரும் ஒரே மாதிரி வரைவதில்லை. பக்கத்தில் எழுத்திலும் போட்டிருந்தால் நல்லது. கோப்பையும் முள்கரண்டியும் வரைந்திருந்தால் ‘உணவு வைக்கலாம்’ என்று மட்டும்தான் பொருள். சூடுபடுத்தலாம் என்று பொருள் இல்லை. பனிப்பூ வரைந்திருந்தால் ஃப்ரீசரில் வைக்கலாம். இந்தக் குறி ஒவ்வொன்றும் அது இருக்கும் பாகத்துக்கு மட்டுமே பேசும். டப்பாவில் இருப்பது மூடிக்குச் சேராது.

தட்டுகளின் மேல் நீர்த்துளி விழுவதுபோல் இருந்தால் டிஷ்வாஷரில் கழுவலாம் என்று பொருள். இதைப் பார்த்துவிட்டு ‘சூட்டுத் தண்ணியையே தாங்குதே, மைக்ரோவேவை தாங்காதா’ என்று நினைக்காதீர்கள். நம் வீடுகளில் இருக்கும் மெலமைன் தட்டே இதற்குச் சாட்சி. அது டிஷ்வாஷரைத் தாங்கும். ஆனால் மைக்ரோவேவில் வைத்தால் சாப்பாட்டோடு தட்டும் சேர்ந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். கை சுடும், தட்டு விரியும், அதிலுள்ள ரசாயனம் உணவில் இறங்கவும் கூடும். பீங்கான்போலப் பளபளப்பதால் ஏமாந்துவிடுகிறோம். தட்டினால் கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால், தூக்கினால் லேசாக இருந்தால், அது மெலமைன்.

பீங்கான் பாத்திரத்தில் குறி எதுவும் இல்லையென்றால் மாணவர் சொன்ன ஒரு சோதனை உண்டு. காலிப் பாத்திரத்தையும், பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரையும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி பாத்திரம் குளிர்ந்திருந்தால் சரி. பாத்திரம் சுட்டால் அது மைக்ரோவேவுக்கு ஆகாது. பொன் கோடு, வெள்ளிக் கோடு போட்ட பாத்திரத்தை இந்தச் சோதனைக்குக்கூட உள்ளே வைக்க வேண்டாம், பொறி பறக்கும். பிளாஸ்டிக்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஏனென்றால் அதை இளக்குவது உள்ளே இருக்கும் உணவின் சூடு.

கடைசியாக அவரிடம், “குறி சரியாக இருக்கிற ஓட்டல் டப்பாவை எத்தனை தடவை பயன்படுத்தலாம்?” என்று கேட்டேன். “எண்ணிக்கையே வேண்டாம் டீச்சர். உள்ளே கீறலோ, வெள்ளைப் பூத்ததோ, கோணலோ தெரிஞ்சா அதுல சூடான சாப்பாடு வைக்காதீங்க. எண்ணெய்ச் சாப்பாடுன்னா முதல் தடவையே வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க” என்றார்.

இப்போது தங்கை வீட்டில் மைக்ரோவேவுக்கு மேலேயே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பார்சல் வந்தால் அதில் கொட்டி, மேலே ஒரு பீங்கான் தட்டை லேசாகச் சாய்த்து மூடி, ஆவி போக வழிவிட்டுச் சூடுபடுத்துகிறாள். கழுவ ஒரு பாத்திரம் கூடுதல், அவ்வளவுதான்.

வகுப்பில் கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் நானே அழித்துத் திருத்துவேன், உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் போனதை என்னால் அழிக்க முடியவில்லை. பழைய தகவலை யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்